தி வோல்யோ பேனே, தி ஆமோ: காதலர்கள் எதை எப்போது சொல்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியின் பொலோன்யாவில் மாலை நேரங்களில் தமிழ் பேசுகிறவர்களுக்கு இத்தாலியன் சொல்லித்தருகிறேன். படிக்க வந்தவர்கள், வேலைக்கு வந்தவர்கள், இத்தாலியரைக் காதலிப்பவர்கள், மணந்துகொண்டவர்கள் என்று பலரும் வருவார்கள். வினைச்சொல், வேற்றுமை எல்லாம் முடிந்து பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, கதவருகே நின்று குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி மட்டும் எப்போதும் தி வோல்யோ பேனே, தி ஆமோ இரண்டையும் பற்றியதுதான். அப்படிக் கேட்டவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன்.

ரெண்டுக்கும் அகராதியில "ஐ லவ் யூ"ன்னுதானே போட்டிருக்கு? அப்புறம் எதுக்கு ரெண்டு?

ஆங்கிலம் ஒரே சொல்லில் அடக்கிவிடுவதை இத்தாலியன் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. தி ஆமோ என்பது காதலுக்கு உரியது. உடல், ஆசை, இந்த ஒருவர்தான் வேண்டும் என்ற பிடிவாதம் எல்லாம் அதற்குள் இருக்கும். தி வோல்யோ பேனே பாசத்துக்கும் பிரியத்துக்கும் அக்கறைக்கும் உரியது. அம்மா, தம்பி, தோழி, தாத்தா, வீட்டு நாய் என்று யாரிடமும் அதைச் சொல்லலாம். காதலரிடமும் சொல்லலாம். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பாடப்புத்தகங்கள் பலவற்றில் "முதலாவது காதலர்களுக்கு, இரண்டாவது குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அதை நம்பிப் போனவர்கள், காதலன் வாயிலிருந்து தி வோல்யோ பேனே வந்த நாளில் அழுதுகொண்டு என்னிடம் வந்திருக்கிறார்கள். அழத் தேவையே இருந்திருக்காது. அந்த ஒரு வரியைத் திருத்தத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வார்த்தைக்கு வார்த்தை பார்த்தா தி வோல்யோ பேனே என்ன? "உன்னை நல்லா வேணும்"னா?

இல்லை. வோல்யோ என்றால் "விரும்புகிறேன்". பேனே என்றால் "நல்லது, நலம்". இங்கே தி என்பது "உனக்கு". சேர்த்துப் படித்தால் "உனக்கு நல்லதை விரும்புகிறேன்". தமிழில் "நலம்விரும்பி" என்று ஒரு சொல் வைத்திருக்கிறோமே, உறுப்புக்கு உறுப்பு அதே கட்டமைப்புதான். நம்முடைய நலம்விரும்பி கல்யாணப் பத்திரிகையிலும் வாழ்த்து மடலிலும் தங்கிவிட்டது. இத்தாலியனிலோ அது வீட்டுக்குள் இறங்கி, குழந்தையைத் தூங்கவைக்கும்போது சொல்கிற சொல்லாகிவிட்டது.

இந்த அடிப்படைப் பொருளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தி ஆமோ சொல்பவர் தன் உணர்ச்சியைச் சொல்கிறார். தி வோல்யோ பேனே சொல்பவர் எதிரில் இருப்பவருக்கு நல்லது நடக்க வேண்டும் என்கிறார். ஒன்று பெரியது, மற்றது சிறியது என்று படிக்கட்டாக அடுக்கினால் பின்னால் வரும் எந்தப் பதிலும் புரியாது. இரண்டும் வேறு வேறு பக்கம் பார்க்கின்றன. ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கலாம், ஒன்று இருந்து மற்றது இல்லாமலும் போகலாம்.

எப்படி உச்சரிக்கணும்? நான் சொன்னா சிரிக்கிறாங்க.

voglio என்ற எழுத்தில் ஜி இருக்கிறதே என்று "வோக்லியோ" என்று படிக்காதீர்கள். அந்த எழுத்து தனியாக ஒலிக்காது. நாக்கின் நடுப்பகுதி மேலண்ணத்தில் ஒட்டி, ல-வும் ய-வும் ஒன்றாகக் கரைந்த ஒலி வர வேண்டும். நம்முடைய ள-வோ ழ-வோ அதற்கு உதவாது. "வோல்யோ" என்பதை வேகமாகச் சொல்லிப் பழகுங்கள், வந்துவிடும். பேனே-யில் முதல் எழுத்து "பயம்" என்று சொல்லும்போது வருகிற ப.

தி என்பதை "தின்ன" என்று சொல்லும்போது வருகிற தி-யாகவே சொல்லுங்கள். ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள் "டீ ஆமோ" என்று சொல்லி மாட்டிக்கொள்வார்கள். தமிழ் நாக்குக்கு அந்தச் சிரமம் இல்லை. தி ஆமோவில் அழுத்தம் ஆ-வில் விழும்.

அம்மாகிட்ட தி ஆமோ சொன்னா தப்பா?

தப்பு என்று யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், ஆனால் காதில் இடறும். அம்மா, அப்பா, உடன்பிறந்தவர்கள், நண்பர்கள் எல்லாருக்கும் தி வோல்யோ பேனேதான். பலபேரிடம் சொன்னால் "வி வோல்யோ பேனே". இன்றைக்கு இளம் தாய்மார் சிலர் கைக்குழந்தையிடம் தி ஆமோ சொல்வதைக் கேட்கிறேன். வயதானவர்களுக்கு அது பிடிப்பதில்லை.

ஆனால் "அமோரே" என்ற விளிச்சொல்லுக்கு இந்த எல்லை கிடையாது. காதலன் காதலியை அமோரே என்பான், பாட்டி பேரனை அமோரே என்பாள், மார்க்கெட்டில் காய் விற்கும் அம்மா வாங்க வந்தவரையும் அப்படிக் கூப்பிடுவார். ஆகவே ஒருவர் உங்களை அமோரே என்று கூப்பிட்டால் அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வினைச்சொல்லாக, "நான்" என்ற எழுவாயோடு வரும்போதுதான் அது கனக்கிறது. இன்னொரு விலக்கும் உண்டு. காபி வாங்கி வந்த தோழியிடம் "ஐயோ, தி ஆமோ!" என்று இளசுகள் கூவுவார்கள். அது நன்றி, அவ்வளவுதான்.

பழக ஆரம்பிச்சு ரெண்டு மாசம் ஆச்சு. நேத்து அவர் தி வோல்யோ பேனே சொன்னார். என்னைத் தோழியாத்தான் நினைக்கிறாரா?

பெரும்பாலும் இல்லை. தி ஆமோ இன்னும் சொல்லப்படாத நிலையில், ஏற்கெனவே கைகோர்த்து நடக்கிற இருவருக்கிடையே வரும் தி வோல்யோ பேனே பொதுவாக ஒரு படி முன்னே வருவதுதான். "உன்னைப் பிடிக்கும்" என்ற கட்டத்தைத் தாண்டிவிட்டேன், நீ எனக்கு முக்கியமானவள், ஆனால் அந்தப் பெரிய சொல்லைச் சொல்ல இன்னும் கொஞ்சம் நேரம் வேண்டும் என்பதுதான் அதன் பொருள். இத்தாலியர்கள் எதற்கெடுத்தாலும் தி ஆமோ சொல்வார்கள் என்று சினிமா பார்த்து நினைத்துக்கொண்டிருக்கிறோம். நிஜத்தில் நிறையப்பேர் அதை வெகுநாள் வாய்க்குள்ளேயே வைத்திருப்பார்கள்.

என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மோதெனாக்காரர் ஒருவரோடு பழக ஆரம்பித்திருந்தாள். ஒன்பதாவது வாரம் அவளுக்குக் காய்ச்சல். அவர் ரயிலேறி வந்து, வீட்டில் வைத்த கோழி ரசத்தைப் பாத்திரத்தோடு கொடுத்துவிட்டு, கிளம்பும்போது நெற்றியைத் தொட்டு "தி வோல்யோ பேனே, லோ சாய்" என்றார். கடைசிப் பகுதிக்கு "உனக்குத் தெரியும்தானே" என்று பொருள். இவள் அன்று இரவு முழுவதும் தூங்கவில்லை. தன்னைத் தங்கையாக நினைத்துவிட்டார் என்று எனக்குச் செய்தி அனுப்பினாள்.

நான் அவளிடம் கேட்டது மூன்று விஷயங்கள். நண்பர்கள் முன்னால் உன் கையை விடுகிறாரா? அடுத்த மாதம், அடுத்த விடுமுறை என்று பேசும்போது "நாம்" என்கிறாரா? முத்தம் குறைந்திருக்கிறதா? மூன்றுக்கும் அவள் சொன்ன பதில் நல்ல பதிலாகவே இருந்தது. அப்படியானால் அந்தச் சொல் வேலி போடவில்லை. வேலியாக வரும்போது அதைத் தனியாகச் சொல்லமாட்டார்கள், கூடவே ஒரு "மா" வரும். "மா" என்றால் "ஆனால்". "தி வோல்யோ பேனே, மா..." என்று இழுத்தால் அங்கே கவனம் தேவை. "கோமே உன் அமீக்கா", அதாவது "ஒரு தோழியாக", என்று சேர்த்தால் விஷயம் முடிந்தது. அவர் இப்படி எதையும் சேர்க்கவில்லை. அவள் நேராக, "நாம் இரண்டு பேரும் ஸ்தியாமோ இன்ஸியேமேவா?" என்று கேட்டாள். "ஒன்றாக இருக்கிறோமா", அதாவது நாம் ஜோடிதானா என்று அர்த்தம். அதில் என்ன சந்தேகம் என்று அவர் ஆச்சரியப்பட்டார். தி ஆமோ ஐந்தாம் மாதம் வந்தது, ரயில் நிலையத்தில்.

அப்போ முதல்ல நான் எதைச் சொல்லணும்? தி ஆமோ எப்போ சொன்னா சரியா இருக்கும்?

ஆரம்பத்துக்கு ஏற்ற சொல் "மி பியாச்சி". "உன்னைப் பிடித்திருக்கிறது" என்று பொருள், அதில் ஈர்ப்பும் இருக்கிறது. கூடவே "தாந்தோ" சேர்த்தால் "ரொம்ப". அப்புறம் "தெங்கோ ஆ தே", "நீ எனக்கு முக்கியம்". அதற்குப் பக்கத்தில்தான் தி வோல்யோ பேனே வருகிறது. காதலில் விழுந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லவே ஒரு தனி வினை உண்டு, "மி ஸ்தோ இன்னமொராந்தோ". நடந்துகொண்டிருப்பதைச் சொல்வதால் கேட்பவருக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும். இதை ஏனோ பலர் மறந்துவிட்டு மி பியாச்சியிலிருந்து நேராகத் தி ஆமோவுக்குத் தாவுகிறார்கள்.

இத்தனை வாரம், இத்தனை மாதம் என்று கணக்கு இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். தி ஆமோ சொன்னால் பதில் எதிர்பார்க்கிறோம் என்று ஆகிவிடும், தி வோல்யோ பேனேக்கு அந்தப் பாரம் கிடையாது. பதில் வராவிட்டாலும் அன்று இரவு நிம்மதியாகத் தூங்குவேன் என்று உங்களுக்குத் தோன்றும் நாளில் தி ஆமோ சொல்லுங்கள். அந்த நாள் வரும்வரை தி வோல்யோ பேனே சொல்வதில் பொய்யும் இல்லை, குறையும் இல்லை.

நான் தி ஆமோன்னு சொன்னேன். அவள் "தி வோல்யோ பேனே அன்கீயோ"ன்னு சொன்னா. இது நல்லதா கெட்டதா?

இங்கே வரிசைதான் முக்கியம். மேலே காய்ச்சல் கதையில் தி ஆமோ இன்னும் மேசைக்கு வரவில்லை. இங்கே நீங்கள் அதை வைத்துவிட்டீர்கள். அவள் அதை எடுத்துக்கொள்ளாமல் பக்கத்தில் வேறொன்றை வைத்திருக்கிறாள். "அன்கீயோ" என்றால் "நானும்". ஆனால் நீங்கள் சொன்னதை அவள் "நானும்" சொல்லவில்லை. இத்தாலியர் யாரும் இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் சொல்லமாட்டார்கள். அவள் அந்த இடத்துக்கு வரவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வரவே மாட்டாள் என்று அர்த்தமில்லை. உங்களிடம் பொய் சொல்ல விரும்பாமல், தன்னிடம் உண்மையாக இருப்பதை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். சொல்லிவிட்டுக் கையை இறுக்கிப் பிடித்தாளா, பேச்சை மாற்றினாளா என்று பாருங்கள். அடுத்த நாளே மறுபடி தி ஆமோ சொல்லி அழுத்தாதீர்கள். அவள் சொன்ன சொல்லிலேயே கொஞ்ச நாள் பேசுங்கள். என் அனுபவத்தில், சரியாக வருகிற ஜோடிகளில் மற்றவர் தானாகவே ஒருநாள் தி ஆமோவைச் சொல்லிவிடுவார். மாதங்கள் பல போயும், நீங்கள் ஒவ்வொரு முறை தி ஆமோ சொல்லும்போதும் பதிலாகத் தி வோல்யோ பேனே மட்டுமே வந்தால், உட்கார்ந்து கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

"நானும் உன்னைக் காதலிக்கிறேன்"ன்னு சொல்ல "ஆமோ அன்கே தே"ன்னேன். அவர் முகமே மாறிடுச்சு. ஏன்?

அன்கே என்பது நம்முடைய "-உம்" மாதிரி. எந்தச் சொல்லோடு ஒட்டுகிறதோ அதற்குத்தான் பொருள் போகும். நீங்கள் அதை "உன்னை"யோடு ஒட்டிவிட்டீர்கள். அவர் காதில் விழுந்தது "உன்னையும் காதலிக்கிறேன்". இன்னொருவரும் இருக்கிறார் என்பதுபோல. நீங்கள் சொல்ல நினைத்தது "நானும்". அதற்கு "தி ஆமோ அன்கீயோ" அல்லது "அன்கீயோ தி ஆமோ".

பாசத்தைச் சொல்லும்போதும் இதே கண்ணிதான். "தி வோல்யோ பேனே அன்கீயோ" என்றால் நானும். "வோல்யோ பேனே அன்கே ஆ தே" என்றால் உன் மேலும். அண்ணன் தம்பியிடம் சொல்ல இரண்டாவது பரவாயில்லை, காதலரிடம் வேண்டாம்.

அவசரத்துல பேனேயை விட்டுட்டு "தி வோல்யோ"ன்னு மெசேஜ் அனுப்பிட்டேன். ஏதாவது ஆகுமா?

ஆகும். பேனே போனால் நலம் போய்விட்டது, விரும்புவது மட்டும் நிற்கிறது. "நீ எனக்கு வேண்டும்" என்று உடலாசையோடு சொல்வதாகிவிடும். தி என்ற சொல்லும் "உனக்கு" என்பதிலிருந்து "உன்னை" என்று மாறிவிட்டது. காதலருக்குப் போயிருந்தால் அவர் சந்தோஷப்பட்டிருக்கக்கூடும். வீட்டுக்கார அம்மாவுக்கோ உடன் வேலை செய்பவருக்கோ போயிருந்தால் உடனே அடுத்த செய்தியில் பேனேயை அனுப்பிவிடுங்கள்.

செய்தியோட கடைசியில TVB, TVTB-ன்னு போடறாங்களே, அது என்ன?

TVB என்பது தி வோல்யோ பேனேயின் முதலெழுத்துகள். TVTB-யில் நடுவே தாந்தோ வருகிறது, "ரொம்ப". TVUMDB என்றால் "உன் மோந்தோ தி பேனே", ஓர் உலகமளவு. ஒரு குறுஞ்செய்தியில் 160 எழுத்துதான் அடங்கும் என்றிருந்த காலத்தில் பள்ளிப்பிள்ளைகள் பிடித்துக்கொண்ட பழக்கம். அன்று எழுதியவர்கள் இன்று நடுவயதை நெருங்குகிறார்கள், இன்னும் விடவில்லை.

காதலருக்கு எழுதும்போது நான் சுருக்கத்தைப் பரிந்துரைப்பதில்லை, முக்கியமாக முதல்முறை சொல்லும்போது. முழுசாக எழுதிய ti voglio bene ஒருவர் நின்று சொன்ன மாதிரி இருக்கும், TVB போகிற போக்கில் கையசைத்த மாதிரி. யாராவது உங்களுக்கு TVB மட்டும் அனுப்பினால் அதை வைத்துக் காதலை அளக்காதீர்கள். அதே விரலால் அவர் தன் அக்காவுக்கும் அதை அனுப்பியிருப்பார்.

அவளைப் பத்தி என் நண்பன்கிட்ட இத்தாலியன்ல சொல்லணும். "லா வோல்யோ பேனே"ன்னு சொன்னா திருத்தறான்.

சரியாகத்தான் திருத்துகிறான். நீ என்று பேசும்போது இரண்டிலும் தி ஒன்றுபோலவே இருப்பதால் உள்ளே இருக்கும் வேற்றுமை கண்ணுக்குத் தெரியாது. அவன், அவள் என்று போனவுடன் வெளியே வந்துவிடும். காதலுக்கு இரண்டாம் வேற்றுமை: "லா ஆமோ", அவளைக் காதலிக்கிறேன். "லோ ஆமோ", அவனை. நலம்விரும்புவதற்கு நான்காம் வேற்றுமை: "லே வோல்யோ பேனே", அவளுக்கு. "ல்யி வோல்யோ பேனே", அவனுக்கு. பெயரைச் சொன்னால் நடுவே ஆ வரும்: "வோல்யோ பேனே ஆ மார்த்தா". தி ஆமோ பக்கம் அந்த ஆ வராது: "ஆமோ மார்த்தா".

இறந்த காலத்திலும் இது வேலை செய்கிறது. ஒரு பெண்ணிடம் "உன்னைக் காதலித்தேன்" என்று சொல்லும்போது "தி ஓ அமாத்தா" என்று வினையின் முடிவு அவளுக்கேற்பப் பெண்பாலாக மாறலாம். "தி ஓ வொலூத்தோ பேனே" மட்டும் யாரிடம் சொன்னாலும் மாறாது, ஏனென்றால் அங்கே செயப்படுபொருள் அவள் இல்லை, பேனேதான்.

"கரூசோ" பாட்டுல காதலியைப் பார்த்துத்தானே "தே வோல்யோ பேனே"ன்னு உருகறான்? அப்போ அதுவும் காதல்தானே?

காதல்தான். ஆனால் அந்த வரி நேப்பிள்ஸ் மொழியில் இருக்கிறது. 1986-இல் அந்தப் பாட்டை எழுதிய லூச்சியோ தாலா எங்கள் பொலோன்யாக்காரர். பாட்டின் பெரும்பகுதியை இத்தாலியனில் எழுதிவிட்டு, பல்லவியின் முதல் வரியை நேப்பிள்ஸ் பேச்சில் வைத்தார். 19-ஆம் நூற்றாண்டிலேயே நேப்பிள்ஸில் பாடப்பட்ட ஒரு காதல் பாட்டின் சொற்கள் அவை. கடைசியில் வரும் "அஸ்ஸாயே" என்பதற்கு "மிகவும்" என்று பொருள்.

இத்தாலியின் பல வட்டார மொழிகளில், தி ஆமோவில் இருக்கும் அமாரே என்ற வினை மக்கள் வாயில் புழங்கவே இல்லை. அது கவிதைக்கும் ஏட்டுக்கும் உரியதாக இருந்தது. காதலியிடம் சொல்வதற்கும் நலம்விரும்பும் சொல்தான் இருந்தது. நேப்பிள்ஸில் மட்டுமில்லை, சிசிலியில் "தி வொக்யு பேனி", வெனிஸ் பக்கம் "தே வோயோ பென்" என்று அதன் பல வடிவங்கள் கேட்கும். ஆகவே தெற்கிலிருந்து வந்தவர், அதிலும் வீட்டில் வட்டார மொழி பேசி வளர்ந்தவர், உணர்ச்சி பொங்கும் நேரத்தில் "தே வோல்யோ பேனே" என்றால் அதற்குள் தி ஆமோவும் இருக்கக்கூடும். நான் முதலில் சொன்ன பிரிவு பொது இத்தாலியனுக்குப் பொருந்துவது. சிசிலியின் பலெர்மோவில் இருக்கும் நம் ஈழத்து மக்கள் இதை என்னைவிட நன்றாகவே கேட்டிருப்பார்கள்.

கல்யாணம் ஆகி எட்டு வருஷம். முன்னெல்லாம் தி ஆமோ, இப்போ பெரும்பாலும் தி வோல்யோ பேனே. காதல் குறைஞ்சிடுச்சா?

"பெரும்பாலும்" என்ற உங்கள் சொல்லைத்தான் பிடித்துக்கொள்கிறேன். எப்போதாவது தி ஆமோவும் வருகிறது என்றால் நான் கவலைப்படமாட்டேன். நீண்டகாலம் சேர்ந்து வாழும் இத்தாலியத் தம்பதிகளிடம் தி வோல்யோ பேனே அதிகமாகக் கேட்பது இயல்பு. ஆஸ்பத்திரி வாசல், வேலை போன நாள், பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத இரவு, இங்கெல்லாம் தி ஆமோ பொருந்தாமல் நிற்கும். "உனக்கு நல்லது நடக்கணும்" என்று சொல்கிற சொல்தான் அங்கே தேவை. வயதான தம்பதி ஒருவரை ஒருவர் பற்றி "ச்சி வொல்யாமோ பேனே" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். "ஒருவருக்கொருவர் நலம் விரும்புகிறோம்" என்பது நேர்ப்பொருள். அவர்கள் சொல்லும்போது அதில் எந்தக் குறையும் கேட்காது.

கவலைப்பட வேண்டியது வேறு மாதிரி வரும். நீங்கள் தி ஆமோ சொல்லும்போது, முன்பு தி ஆமோ என்று திருப்பிச் சொன்னவர், இப்போது ஒவ்வொரு முறையும் தி வோல்யோ பேனே என்று மாற்றிச் சொல்கிறாரா? கூடுதலாக வந்தால் பாசம். இடத்தைப் பிடித்துக்கொண்டு தி ஆமோவை வெளியே தள்ளினால் பேச வேண்டும்.

"தி வோல்யோ பேனே, மா நொன் தி ஆமோ ப்யூ"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். பாசம் இருக்கு, காதல் இல்லைன்னா என்ன அர்த்தம்? சமாதானத்துக்குச் சொல்றதா?

"உன் மேல் பிரியம் இருக்கிறது, ஆனால் இனி காதல் இல்லை." இத்தாலியனில் பிரிவதற்கு மிக அதிகமாகப் பயன்படும் வாக்கியங்களில் இது ஒன்று. அந்த மொழியில் இரண்டு வினைகளும் தனித்தனியாக இருப்பதால், நாம் சுற்றிவளைத்துச் சொல்ல வேண்டியதை அவர்கள் ஒரே வரியில் அறுத்துச் சொல்லிவிட முடிகிறது. சமாதானத்துக்குச் சொல்பவர்களும் உண்டு. ஆனால் முதல் பாதி பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. உங்களுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று அவர் உண்மையாகவே நினைக்கலாம். முதல் பாதியைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் பாதி மாறும் என்று காத்திருக்காதீர்கள். முடிவு இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு, அதுதான் இன்னும் கொடியது. வெரோனாவில் பிறந்து, கி.மு. முதல் நூற்றாண்டில் லத்தீனில் எழுதிய கத்துல்லுஸ் என்ற கவிஞர், தனக்குத் துரோகம் செய்த காதலியைப் பற்றி, அந்தக் காயம் தன்னை இன்னும் அதிகமாகக் காதலிக்க வைக்கிறது, ஆனால் நலம் விரும்புவதைக் குறைக்கிறது என்கிறார். அவர் பயன்படுத்தியவை "அமாரே", "பேனே வெல்லே" என்ற இரண்டு வினைகள். இன்றைய இத்தாலியனில் இருக்கும் அதே ஜோடி. காதல் எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் அவளுக்கு நல்லது நடக்க வேண்டும் என்ற எண்ணம் செத்துப்போயிருக்கும். உங்களை விட்டுப் போனவர் அந்த நிலையில் போகவில்லை.

ரெண்டையும் சேர்த்தே சொல்லலாமா?

தாராளமாக. "தி ஆமோ, ஏ தி வோல்யோ பேனே." ஏ என்பது "உம்". மா போடாமல் ஏ போட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். காய்ச்சல் கதையில் வந்த பெண் இப்போது மோதெனாவில் அவரோடு இருக்கிறாள். காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் ஒன்றும், மாடிப்படியில் பாதி இறங்கியபின் திரும்பி நின்று மற்றதும் சொல்வாராம். எது முதலில், எது பிறகு என்று கேட்டேன். தினமும் மாறும் என்றாள்.